ஒரே சாப்பாடு, நாட்டுக்கு நாடு வேறு விலை: காரணம் தட்டில் இல்லை

கேள்வி: ஒரு எளிய சாப்பாடு ஒரு நாட்டில் 2 டாலர், இன்னொரு நாட்டில் அதே மாதிரிச் சாப்பாடு 13 டாலர். தானியமும் எண்ணெயும் உலகச் சந்தையில் ஏறக்குறைய ஒரே விலைதானே? பிறகு ஏன் இவ்வளவு வித்தியாசம்? வாங்கும் திறன் சமநிலை என்று சொல்கிறார்களே, அது இதைத்தான் சொல்கிறதா?

பதில்:

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. தானியமும் எண்ணெயும் ஏறக்குறைய ஒரே விலைதான். ஆனால் கடையில் உட்கார்ந்து சாப்பிடும்போது நாம் கொடுக்கும் பணத்தில் தானியத்துக்கும் எண்ணெய்க்கும் போவது சிறு பகுதி. மீதி எல்லாம் அந்த ஊரிலேயே நடக்கும் வேலைக்கும் அந்த ஊரின் இடத்துக்கும் போகிறது. அந்த வேலையையும் இடத்தையும் கப்பலில் ஏற்றி இன்னொரு நாட்டுக்கு அனுப்ப முடியாது. விலை வித்தியாசம் பிறப்பது அங்கேதான். இதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, ஆனால் அவற்றின் அளவுகள் நடப்புக்குப் பொருந்தக்கூடியவை.

ஒரு நாட்டை வளநாடு என்றும் இன்னொன்றை ஏழைநாடு என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டிலும் ஒரே தட்டு: தானியம், பயறு, காய்கறி, கொஞ்சம் எண்ணெய். துறைமுகத்தில் வந்து இறங்கும் விலையில் இந்தப் பொருள்கள் ஒரு தட்டுக்கு 60 சென்ட் என்று வைப்போம். சமைக்கும் எரிபொருளும் உலகச் சந்தையில் வாங்கி விற்கப்படுவதுதான், அது 30 சென்ட். ஆக 90 சென்ட் இரண்டு நாட்டிலும் பொது.

இனி வளநாட்டுக் கடைக்குள் போவோம். சமைப்பவர், பரிமாறுபவர், பாத்திரம் கழுவுபவர், கல்லாவில் இருப்பவர், கடையை நடத்தும் முதலாளி, இவர்கள் எல்லோருடைய நேரத்தையும் கூட்டி வகுத்தால் ஒரு தட்டுக்கு 20 நிமிட உழைப்பு ஆகிறது என்று கொள்வோம். மணிக்கு 18 டாலர் கூலி என்றால் அது 6 டாலர். கடை வாடகையில் ஒரு தட்டின் பங்கு 2.50. துறைமுகத்திலிருந்து கடை வரை பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் லாரி ஓட்டுநர், கிடங்குக்காரர், மொத்த வியாபாரி ஆகியோரின் பங்கு 60 சென்ட். பழுது பார்ப்பவர், கணக்கர், காப்பீடு என்று 1.60. வரி 1.40. எல்லாம் கூட்டினால் 13 டாலர்.

ஏழைநாட்டில் மணிக்கூலி 1.20 டாலர். கூலி குறைவு என்பதால் கடைக்காரர் இயந்திரம் வாங்காமல் ஆட்களை வைத்துக்கொள்கிறார். அதனால் ஒரு தட்டுக்கு 30 நிமிட உழைப்பு ஆகிறது. ஆனாலும் அதன் செலவு 60 சென்ட்தான். வாடகை 25 சென்ட், போக்குவரத்து 10, மற்றவர்களின் வேலை 15, வரி 10. பொதுவான 90 சென்டையும் சேர்த்தால் 2.10 டாலர்.

இப்போது கவனியுங்கள். ஏழைநாட்டுத் தட்டின் விலையில் நூற்றுக்கு 43 பங்கு உலகச் சந்தைப் பொருள். வளநாட்டுத் தட்டில் அது வெறும் 7 பங்கு. அங்கே 13 டாலர் கொடுப்பவர் உண்மையில் மற்றவர்களுடைய நேரத்தையும் ஊரின் நிலத்தையும்தான் வாங்குகிறார், சோறு அதோடு கூட வருகிறது. இதைச் சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. அதே சாப்பாட்டை வீட்டில் சமைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வளநாட்டில் பொருள்களைக் கடையில் வாங்கிவர 2 டாலர் ஆகலாம், ஏழைநாட்டில் 1 டாலர் ஆகலாம். ஆறு மடங்கு இடைவெளி இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. வெளிநாட்டில் குடியேறுபவர்கள் முதல் மாதத்திலேயே சமைக்கக் கற்றுக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சரி, அடுத்த கேள்விதான் முக்கியமானது. ஏழைநாட்டுச் சமையற்காரர் வளநாட்டுச் சமையற்காரரைவிடத் திறமை குறைந்தவரா? இல்லை. காய் நறுக்கும் வேகத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பிறகு ஏன் ஒருவருக்கு 18 டாலர், இன்னொருவருக்கு 1.20?

இதற்கான விளக்கத்தை 1964-ல் பேலா பலாசா, பால் சாமுவேல்சன் என்ற இரு பொருளியலாளர்கள் தனித்தனியே எழுதினார்கள். ராய் ஹாரட் 1933-லேயே இதன் கருவைச் சொல்லியிருந்தார். அவர்களுடைய வாதம் சமையலறையில் தொடங்குவதில்லை, தொழிற்சாலையில் தொடங்குகிறது.

எல்லை தாண்டி விற்கக்கூடிய ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம், ஒரு இயந்திர உதிரிபாகம் என்று வைக்கலாம். வளநாட்டில் நல்ல இயந்திரங்கள், தடையில்லாத மின்சாரம், ஒழுங்கான துறைமுகம், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் இருப்பதால் ஒரு தொழிலாளி மணிக்கு 15 உதிரிபாகங்கள் செய்கிறார். ஏழைநாட்டில் ஒன்றுதான் செய்ய முடிகிறது. உதிரிபாகத்துக்கு உலகத்தில் ஒரே விலை, அதில் தொழிலாளிக்குச் சேரும் பங்கு 1.20 டாலர் என்று வைத்தால், வளநாட்டில் மணிக்கூலி 18 டாலர், ஏழைநாட்டில் 1.20 டாலர். இதுவரை எந்தப் புதிரும் இல்லை. அதிகம் செய்பவருக்கு அதிகம் கிடைக்கிறது.

இனி வளநாட்டில் ஒருவர் சாப்பாட்டுக் கடை திறக்கிறார். மணிக்கு 1.20 டாலர் தருகிறேன் என்றால் யார் வருவார்கள்? பக்கத்திலேயே தொழிற்சாலையில் 18 டாலர் கிடைக்கும்போது ஒருவரும் வரமாட்டார்கள். ஆகவே அவரும் 18 டாலருக்கு அருகே கொடுத்தாக வேண்டும். சமையற்காரரின் கூலியைத் தீர்மானிப்பது அவர் எவ்வளவு வேகமாகச் சமைக்கிறார் என்பது மட்டும் இல்லை. அந்த நாட்டில் அவர் வேறு எந்த வேலைக்குப் போயிருக்க முடியும், அங்கே என்ன கிடைத்திருக்கும் என்பதுதான் அதைப் பெரிதும் தீர்மானிக்கிறது. தொழிற்சாலையில் ஏறிய உற்பத்தித்திறன் கூலி வழியாகச் சமையலறைக்கும் முடிதிருத்தகத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பரவுகிறது. அந்த இடங்களில் உற்பத்தி அதே அளவு ஏறாததால் விலைதான் ஏறுகிறது.

உதிரிபாகத்தின் விலையில் இடைவெளி நீடிக்காமல் இருப்பதற்குக் காரணம், மலிவான இடத்தில் வாங்கி விலை கூடிய இடத்தில் விற்க ஆட்கள் இருப்பதுதான். சாப்பாட்டில் அது நடக்காது. 2 டாலர் சாப்பாட்டைச் சூடாறாமல் கடல் கடந்து கொண்டுபோய் 13 டாலருக்கு விற்க முடியாது. சமையற்காரரே கடல் கடந்து போகலாம், ஆனால் அதற்கு விசா வேண்டும். உணவு விலையின் இடைவெளியைக் குடிவரவுச் சட்டங்களும் சேர்ந்துதான் காப்பாற்றுகின்றன என்பது என் கருத்து. அந்த எல்லைகள் திறந்திருந்தால் இடைவெளி முழுவதும் மறையாவிட்டாலும் நிச்சயம் இந்த அளவுக்கு இருக்காது.

இது வெறும் ஏட்டு வாதம் இல்லை என்பதற்கு அழகான ஒரு அளவீடு இருக்கிறது. ஓர்லி ஆஷன்ஃபெல்டர் என்ற உழைப்புப் பொருளியலாளர் பல நாடுகளில் மெக்டொனால்ட்ஸ் கடைகளின் அடிமட்டத் தொழிலாளர்களுக்கு மணிக்கு என்ன கூலி, அங்கே அந்தக் கடைகளின் பர்கரான பிக் மேக் என்ன விலை என்று திரட்டினார். இந்தக் கடைகளைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. எல்லா நாட்டிலும் ஒரே மாதிரி இயந்திரம், ஒரே மாதிரிச் செய்முறை, ஏறக்குறைய ஒரே வேலை. எனவே தொழிலாளியின் திறமை வேறு, கருவி வேறு என்ற சாக்குகள் எடுபடாது.

2007-க்கான அவருடைய எண்களில் அமெரிக்கக் கூலி மணிக்கு 7.33 டாலர், பிக் மேக் 3.04 டாலர். ஒரு மணி நேர வேலைக்கு ஏறக்குறைய 2.4 பிக் மேக் வாங்கலாம். இந்தியாவில் கூலி 0.46 டாலர், அங்கே மாட்டிறைச்சிக்குப் பதில் கோழி இறைச்சியில் செய்யப்படும் அதன் மாற்று 1.29 டாலர். ஒரு மணி நேர வேலைக்கு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல்தான் கிடைத்தது. அதாவது அதே அடுப்பில் அதே வேலையைச் செய்பவர்களுக்கிடையே கூலியில் 16 மடங்கு வித்தியாசம். பொருளின் விலையிலோ 2.4 மடங்குதான்.

கூலியில் 16 மடங்கு இருக்கும்போது விலையில் ஏன் 2.4 மடங்கு மட்டும்? நம்முடைய கணக்கில் ஆறு மடங்கு வந்ததே? காரணம், பிக் மேக் ஏழை நாடுகளில் ஓர் எளிய சாப்பாடு இல்லை. வெளிநாட்டுத் தரத்தில் அடுப்பு, குளிர்பதனக் கிடங்கு, தரம் பார்த்து வாங்கும் பொருள்கள், வணிகப் பெயருக்கான கட்டணம், நல்ல இடத்தில் கடை என்று அதன் செலவில் பெரும்பகுதி உலக விலையில் நிற்கிறது. உழைப்பின் பங்கு குறைவு. தெருவோரத்தில் கிடைக்கும் எளிய சாப்பாட்டில் உழைப்பின் பங்கு அதிகம், அதனால் நாடுகளுக்கிடையே அதன் விலை இடைவெளியும் அதிகம். ஒரு பொருள் எவ்வளவு உள்ளூர்த்தன்மை கொண்டதோ அவ்வளவுக்கு அதன் விலை நாட்டுக்கு நாடு விலகும்.

அதே அட்டவணையில் இந்த விளக்கத்தின் எல்லையும் தெரிகிறது. லத்தீன் அமெரிக்காவில் கூலி 1.06 டாலர்தான், ஆனால் பிக் மேக் 3.05 டாலர், அமெரிக்காவில் இருந்த அதே விலை. ஏழை நாடு என்றால் எல்லாமே மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. இறக்குமதி வரி, போட்டியின்மை, அந்த ஆண்டில் நாணயம் நின்ற நிலை, கடைக்கு வருபவர்கள் யார் என்பதெல்லாம் விலையைத் தள்ளும். எதிர்ப்பக்கத்தில் சுவிட்சர்லாந்து தன் விவசாயிகளைக் காக்க இறைச்சி இறக்குமதியைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே பொருளே விலை கூடியது, அதற்கு மேல் கூலியும் கூடியது.

இப்போது வாங்கும் திறன் சமநிலைக்கு வருவோம். இந்தப் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சுவீடன் நாட்டுப் பொருளியலாளர் குஸ்தாவ் காசல், 1918-ல். முதல் உலகப்போரில் நாடுகள் தங்கத்தோடு இருந்த தொடர்பை அறுத்துக்கொண்டு பணத்தை அச்சடித்துத் தள்ளியிருந்தன. போர் முடிந்ததும் நாணயங்களுக்கிடையே எந்த மாற்று விகிதம் சரி என்ற கேள்வி எழுந்தது. ஒவ்வொரு நாட்டிலும் விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறதோ அதற்கேற்ப விகிதத்தை மாற்றினால் பழைய சமநிலை வரும் என்பது காசலின் யோசனை. அது எதிர்காலச் சந்தை விகிதத்தைச் சொல்லும் ஒரு கோட்பாடு.

இன்று நாம் செய்தியில் பார்க்கும் வாங்கும் திறன் சமநிலை எண்கள் அந்த வேலையைச் செய்வதில்லை. இரண்டு நாட்டு மக்கள் எவ்வளவு வாங்க முடிகிறது என்பதை ஒப்பிட மட்டுமே அவை பயன்படுகின்றன. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் மிகப் பரவலான தவறு. பிக் மேக் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு நாணயங்களின் மதிப்பை எடைபோடும் பிக் மேக் குறியீட்டை 'தி எகானமிஸ்ட்' வார இதழ் 1986-ல் தொடங்கியது. அதை எடுத்துக்கொண்டு, ஒரு ஏழை நாட்டின் நாணயம் பாதி மதிப்பில் கிடக்கிறது, விரைவில் ஏறும் என்று எழுதுபவர்கள் உண்டு. நம் கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஏழைநாட்டின் சாப்பாடு மலிவாக இருந்ததற்கும் அதன் நாணயம் தவறான மதிப்பில் இருந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உதிரிபாகம் இரண்டு இடத்திலும் ஒரே விலைக்குத்தான் விற்றது, நாணயம் சரியான இடத்திலேயே இருந்தது. அந்த இதழே 2011-லிருந்து நாட்டின் தனிநபர் வருமானத்துக்கு ஏற்பத் திருத்திய இன்னொரு குறியீட்டையும் சேர்த்து வெளியிடுவது இதனால்தான்.

சரி, அந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? நம் இரண்டு நாடுகளையே தொடர்வோம். ஏழைநாட்டு நாணயத்துக்குக் காசு என்று பெயர் வைப்போம். சந்தையில் 1 டாலர் = 50 காசு. 2.10 டாலர் சாப்பாடு அங்கே 105 காசு. வளநாட்டில் அதே சாப்பாடு 13 டாலர். ஆகவே சாப்பாட்டைப் பொறுத்தவரை 105-ஐ 13-ஆல் வகுத்தால் 1 டாலருக்கு 8 காசு. அதாவது வளநாட்டில் 1 டாலர் செய்யும் வேலையை ஏழைநாட்டில் 8 காசு செய்துவிடுகிறது. ஒரு கைபேசியை எடுத்தால் வளநாட்டில் 200 டாலர், ஏழைநாட்டில் 10,000 காசு. அதைப் பொறுத்தவரை 1 டாலருக்கு 50 காசு, சந்தை விகிதமேதான்.

இரண்டையும் சேர்த்து ஒரே எண் வேண்டும். இரண்டு நாட்டு மக்களும் செலவில் பாதியைச் சாப்பாடு போன்ற உள்ளூர்ச் சேவைகளுக்கும் பாதியைக் கைபேசி போன்ற பொருள்களுக்கும் செலவழிக்கிறார்கள் என்று வைப்போம். இங்கேதான் ஒரு சிக்கல் வருகிறது. வளநாட்டுக்காரர் வாங்கும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏழைநாட்டுக் கடைகளுக்குப் போனால், அவருடைய ஒவ்வொரு டாலருக்கும் பாதி 8 காசு விகிதத்திலும் பாதி 50 காசு விகிதத்திலும் ஆகிறது. சராசரி 29 காசு. மாறாக, ஏழைநாட்டுக்காரரின் கூடையை வளநாட்டுக்கு எடுத்துப்போய் விலை போட்டால், அவர் செலவழிக்கும் 100 காசில் சாப்பாட்டுக்கான 50 காசு அங்கே ஏறக்குறைய 6.20 டாலர், கைபேசிக்கான 50 காசு 1 டாலர், ஆக 7.20 டாலர். அதாவது 1 டாலருக்குச் சமம் 14 காசுதான். ஏழைநாட்டில் 15,000 காசு சம்பளம் வாங்கும் ஒருவருடைய வருமானம் முதல் முறைப்படி ஏறக்குறைய 517 டாலர், இரண்டாவது முறைப்படி 1,080 டாலர். சந்தை விகிதப்படி 300 டாலர்.

விலைகளில் பிழை எதுவும் இல்லை, கணக்கிலும் பிழை இல்லை. ஆனாலும் விடை இரட்டிப்பாக மாறுகிறது. காரணம், மக்கள் தங்கள் ஊரில் எது மலிவோ அதை அதிகம் வாங்குகிறார்கள். ஏழைநாட்டில் உள்ளூர்ச் சேவை மலிவு என்பதால் அங்குள்ளவர் அதை நிறையப் பயன்படுத்துகிறார். அந்த நிறையச் சேவைக்கு வளநாட்டு விலை போட்டால் அவர் பெரிய வசதிக்காரராகத் தெரிகிறார். நடைமுறையில் இரண்டு விடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து நடுவில் ஒரு எண்ணுக்கு வருகிறார்கள். 29-ஐயும் 14-ஐயும் அப்படிச் செய்தால் 20 காசு வருகிறது. அப்போது அந்தச் சம்பளம் 750 டாலர். இதுதான் வாங்கும் திறன் சமநிலைப்படி அவருடைய வருமானம். 20-ஐ 50-ஆல் வகுத்தால் ஏழைநாட்டின் பொது விலை மட்டம் வளநாட்டில் இருப்பதில் நூற்றுக்கு 40 பங்கு என்றும் கிடைக்கிறது.

உண்மையான வேலையில் இரண்டு பொருளுக்குப் பதில் நூற்றுக்கணக்கான பொருள்களும் சேவைகளும், இரண்டு நாட்டுக்குப் பதில் உலகின் பெரும்பாலான நாடுகளும். இதைச் செய்யும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம் 1968-ல் தொடங்கியது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் இர்விங் கிராவிஸ், ஆலன் ஹெஸ்டன், ராபர்ட் சம்மர்ஸ் ஆகியோர் அதன் முன்னோடிகள். இப்போது உலக வங்கி ஒருங்கிணைக்கிறது. 2021-ம் ஆண்டு விலைகளை வைத்துச் செய்த சுற்றின் முடிவுகள் 2024-ல் வந்தன, அதில் 176 பொருளாதாரங்கள் இடம்பெற்றன.

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? 2005 சுற்றின் கதையைத் தெரிந்துகொண்டால் போதும். அதுவரை சீனாவுக்கான எண் 1986 விலைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்விலிருந்து நீட்டிக்கப்பட்டது. இந்தியா கடைசியாகப் பங்கேற்றது 1985 சுற்றில். இரு நாடுகளும் 2005-ல் முறையாக விலை சேகரித்துக் கொடுத்தபோது, சீனப் பொருளாதாரத்தின் மதிப்பீடு ஒரே நாளில் ஏறக்குறைய 40 விழுக்காடு சுருங்கியது, இந்தியாவுக்கும் அதற்கு நெருக்கமான சரிவு. எந்தத் தொழிற்சாலையும் மூடவில்லை, யாருடைய சம்பளமும் குறையவில்லை. அளவுகோல்தான் மாறியது. ஆனால் சீனா அப்போது விலை சேகரித்தது 11 நகரங்களையும் அவற்றைச் சுற்றிய பகுதிகளையும் மட்டும் வைத்து. நகர விலைகள் கூடுதலாக இருக்கும், அதனால் நாடு உள்ளதைவிட ஏழையாகத் தெரிந்திருக்கும் என்று பலர் வாதிட்டார்கள். 2011 சுற்றில் எண்கள் மறுபடி மேலே வந்தன. எனவே ஒரு நாட்டின் தனிநபர் வருமானம் சமநிலைப்படி இன்னொன்றைவிட 5 விழுக்காடு அதிகம் என்று யாராவது எழுதினால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மடங்கு அதிகம் என்றால் அது பேச வேண்டிய விஷயம்.

இன்னொரு பிரச்சினை, 'அதே சாப்பாடு' என்பதுதான். உணவின் எடையும் பொருளும் ஒன்றாக இருந்தாலும், ஒரு கடையில் குளிர்சாதன வசதியும் இருக்கையும் இருக்கும், இன்னொன்றில் நின்றுகொண்டு சாப்பிட வேண்டியிருக்கும். விலை சேகரிப்பவர்களுக்கு இதற்கென்றே நீண்ட விவரக் குறிப்பு கொடுக்கப்படுகிறது: எத்தனை கிராம், எந்த வகைக் கடை, பரிமாறுவது உண்டா, வரி சேர்ந்ததா என்று. ஆனாலும் ஒரு நாட்டில் எல்லோரும் சாப்பிடும் உணவு இன்னொரு நாட்டில் அபூர்வமாகக் கிடைத்தால் அங்கே அது விலை கூடித்தான் இருக்கும். அந்த விலையை வைத்து நாடே விலை கூடியது என்று முடிவு கட்டினால் தவறு.

இதுவரை சொன்னது நீண்டகால இடைவெளி. இதற்கு மேல் குறுகிய கால ஆட்டம் ஒன்றும் இருக்கிறது, அதற்குக் கூலியும் உற்பத்தித்திறனும் காரணம் இல்லை. ஜப்பானைப் பாருங்கள். 2012-ல் 1 டாலருக்கு ஏறக்குறைய 80 யென். 2024-ன் நடுப்பகுதியில் அது 160 யென்னைத் தாண்டியது. 800 யென் விலையுள்ள ஒரு சாப்பாட்டை வைத்துக்கொள்வோம். அது விலை மாறாமல் இருந்திருந்தால் முதலில் 10 டாலர், பிறகு 5 டாலர். சமையற்காரர் அதே ஆள், கூலி ஏறக்குறைய அதே யென், உள்ளூர்க்காரருக்கு அதே சாப்பாடு. பாதி விலை வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு மட்டும். இந்தக் காலம் முழுக்க ஜப்பானுக்கான சமநிலை விகிதம் 1 டாலருக்கு 100 யென்னுக்கு அருகிலேயே, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. நாணயச் சந்தை வட்டி விகிதத்தையும் முதலீட்டாளர்களின் எதிர்பார்ப்பையும் பார்த்து ஓடுகிறது, சாப்பாட்டு விலை அதைப் பின்தொடர்வதில்லை. ஆகவே ஒரு நாடு மலிவு என்று யாராவது சொன்னால், எந்த ஆண்டில், எந்த நாணயத்தில் சம்பாதிப்பவருக்கு என்று கேளுங்கள்.

கடைசியாக, எந்த விகிதத்தை எங்கே பயன்படுத்துவது என்பது. மேலே சொன்ன 15,000 காசு சம்பளக்காரர் தன் ஊரிலேயே சம்பாதித்துத் தன் ஊரிலேயே செலவழிக்கிறார் என்றால், வளநாட்டுக்காரரோடு அவருடைய வாழ்க்கையை ஒப்பிட 750 டாலர் என்பதே நியாயமான எண். ஆனால் அவர் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் கட்டப்போகிறார் என்றால் அவரிடம் இருப்பது 300 டாலர்தான். வங்கியில் போய்ச் சமநிலை விகிதத்தில் மாற்றித் தாருங்கள் என்று கேட்க முடியாது. நாடுகளுக்கும் இதே நிலைமைதான். வெளிநாட்டுக் கடன், எண்ணெய் இறக்குமதி, மருத்துவக் கருவிகள் எல்லாம் சந்தை டாலரில். ஒரு நாடு சமநிலைப்படி உலகின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று என்பதால் அதற்குக் கடன் சுமை எளிதாகிவிடாது.

வேலை வாய்ப்பை ஒப்பிடும்போது இதன் எதிர்ப்பக்கத் தவறு நடக்கிறது. வெளிநாட்டுச் சம்பளத்தைச் சந்தை விகிதத்தில் பெருக்கிப் பார்த்து மயங்குகிறவர்கள் அங்கே சாப்பாடும் வாடகையும் அந்த நாட்டு விலையில் என்பதை மறக்கிறார்கள். அதே சமயம், சமநிலை விகிதத்தில் மட்டும் பார்த்தாலும் தவறுதான், ஏனென்றால் அங்கே மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் பணம் சந்தை விகிதத்தில் மாறுகிறது. சரியான முறை, அங்கே ஆகும் செலவை அந்த நாட்டு விலையில் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் சந்தை விகிதத்தில் மாற்றுவது. சமைத்துச் சாப்பிடுபவருக்கும் வெளியே சாப்பிடுபவருக்கும் அந்த மிச்சம் எவ்வளவு மாறும் என்பதை முதல் கணக்கு ஏற்கெனவே காட்டிவிட்டது.

உலக வங்கியின் வறுமைக்கோட்டையும் பலர் இப்படித்தான் தவறாகப் படிக்கிறார்கள். 2025 ஜூனில் அது ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 டாலர் என்று திருத்தப்பட்டது. அது 2021-ம் ஆண்டின் சமநிலை டாலர். ஏழைநாட்டில் 3 சந்தை டாலர் இருந்தால் நம் கணக்குப்படி ஒரு சாப்பாட்டுக்கு மேலேயே கிடைக்கும், அப்படியென்றால் இது ஒன்றும் மோசமில்லையே என்று சிலர் நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. அமெரிக்காவில் 2021-ல் 3 டாலருக்கு என்ன வாங்க முடிந்ததோ, அவ்வளவுதான் ஏழைநாட்டில் அந்த மனிதர் ஒரு நாள் முழுக்க வாங்க முடியும். உணவு, உடை, வாடகை, மருந்து, பேருந்துக் கட்டணம் எல்லாம் அதற்குள். உள்ளூர் விலைகள் மலிவு என்ற சலுகை அந்த எண்ணில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டுவிட்டது. நம் ஏழைநாட்டில் அது நாளுக்கு 60 காசு, 105 காசு விலையுள்ள அந்தச் சாப்பாட்டில் ஒன்றைக்கூட வாங்கப் போதாது.